ஒரு சேர்விஸை மூன்றாகப் பிரித்தபோது நான் விட்ட பிழைகள்

தருமபுரத்துக்குக் கிட்ட, பரந்தன்–முல்லைத்தீவு வீதிக்கரையில் எனக்கு ஒரு மோட்டார் சைக்கிள் கராஜ் இருக்கிறது. நானும் இரண்டு பெடியளும் வேலை செய்கிறோம். மீளக் குடியேறி வந்த பிறகு ஒரு தகரக் கொட்டிலில் தொடங்கியது. பத்து வருடம் என்னிடம் ஒரேயொரு சேர்விஸ்தான் இருந்தது. ஒயில் மாற்றி, செயின் கழுவி, பிறேக் இறுக்கி, கபரேற்றரைத் துப்புரவாக்கி, பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்துக் கொடுப்பேன். விலையும் ஒன்றுதான். அதை மூன்றாகப் பிரித்து, அவரவர் கையில் இருக்கிற காசுக்கு ஏற்றபடி எடுக்கட்டும் என்று 2023 மாசியில் ஒரு பலகை தொங்கவிட்டேன். நல்ல யோசனைதான், இன்றைக்கும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் முதல் ஐந்து மாதத்தில் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் இழந்தேன், ஒரு மனிதர் விழுந்து கையை முறித்துக்கொண்டார். இதைத் தொடங்க நினைக்கிற ஒருவருக்காவது முன்கூட்டியே தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஏன் பிரிக்க வேண்டி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 2022இல் ரூபாய் விழுந்ததும் ஒயில் விலை ஏறியது நினைவிருக்கும். கியூஆர் அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் கிடைத்த காலம் அது. புது வாகன இறக்குமதியும் 2020இலேயே நின்றுபோனதால் எல்லாரும் பழைய சைக்கிளைத்தான் எப்படியாவது ஓட வைக்க வேண்டியிருந்தது. சேர்விஸ் தேவை, காசு இல்லை. வருகிற ஒவ்வொருவரும் "அண்ணை, கொஞ்சம் குறைச்சுச் செய்யுங்கோ" என்று கேட்பார்கள். நானும் ஆளைப் பார்த்துக் குறைப்பேன். ஒருநாள் விசுவமடுவிலிருந்து ஒரே ஒழுங்கையைச் சேர்ந்த இரண்டு பேர் அடுத்தடுத்த நாட்களில் வந்தார்கள். ஒருவரிடம் 4,500 வாங்கினேன், மற்றவரிடம் 3,800. இருவரும் வீட்டில் கதைத்திருக்கிறார்கள். கூடக் கொடுத்தவர் அதற்குப் பிறகு என் கராஜ் பக்கம் வரவே இல்லை. அவரை நான் ஏமாற்றவில்லை, ஆனால் அவர் அப்படி நினைத்ததில் பிழையும் இல்லை. பேரம் பேசி விலை குறைக்கிற இடத்தில் பேரம் பேசத் தெரியாதவர்தான் கூடக் கொடுக்கிறார். சரி, விலையைக் குறைக்காமல் வேலையைக் குறைத்துக் கொடுப்போம், அதையும் எல்லாருக்கும் தெரிய எழுதி வைப்போம் என்று முடிவெடுத்தேன்.

பெரும்போக அறுவடை முடிந்து கையில் காசு புழங்குகிற நேரம் பார்த்துப் பலகையைத் தொங்கவிட்டேன். "சாதாரண சேர்விஸ் 3,000, நடுத்தர சேர்விஸ் 5,000, விசேட சேர்விஸ் 9,500." சாதாரணத்தில் ஒயில் மாற்றிக் கழுவி, செயினுக்கு ஒயில் விடுவது மட்டும். நடுத்தரத்தில் பிறேக், எயார் பில்டர், பிளக், டப்பட் எல்லாம் பார்ப்பது. விசேடத்தில் சில்லுகளைக் கழற்றி பெயாரிங்குக்கு கிறீஸ் வைத்து, கபரேற்றர் பிரித்துக் கழுவி, புதுப் பிளக், புதுக் கேபிள்கள், புது எயார் பில்டர் போட்டுக் கொடுப்பது. இந்த விலைகளை நான் எப்படிப் போட்டேன் தெரியுமா? பழைய விலையைச் சுற்றி மனத்தில் தோன்றியதைப் போட்டேன். ஒரு பேப்பரில்கூடக் கணக்குப் பார்க்கவில்லை.

முதல் மாதம் கராஜ் நிறைந்து வழிந்தது. எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் மாதம் முடிய ஒயில் கடைக்காரருக்குக் கொடுத்து, பெடியளுக்குச் சம்பளம் கொடுத்த பிறகு என் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. இரண்டாம் மாதமும் அப்படித்தான். மூன்றாம் மாதம் மனைவியின் சீட்டுக் காசை எடுத்து ஒயில் வாங்கினேன். வேலை செய்து செய்து முதுகு விட்டுப் போகிறது, காசு எங்கே போகிறது என்று தெரியவில்லை. அந்த நாட்களில் இரவில் நித்திரை இல்லை, ஆரிடமும் சொல்லவும் வெட்கம்.

காசு எங்கே போனது என்பது ஒரு மத்தியானம் பெடியனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது விளங்கியது. சாதாரண சேர்விஸுக்கு வந்த சைக்கிள் அது. ஒயிலை வடியவிட்டுவிட்டு, சும்மா நிற்பானேன் என்று எயார் பில்டரைக் கழற்றி ஊதினான். பிறகு பின் பிறேக்கை இறுக்கினான். கிளச் கேபிளுக்கு ஒயில் விட்டான். உரிமையாளர் பக்கத்தில் நின்று "தம்பி, இதையும் ஒருக்காப் பார்" என்று சொல்லச் சொல்ல அவன் பார்த்தான். முக்கால் மணித்தியாலத்தில் முடிய வேண்டிய வேலை ஒன்றேகால் மணித்தியாலம் போனது. நல்ல மனதோடுதான் செய்தான், நான் பழக்கிய பழக்கமும் அதுதான். ஆனால் 3,000 ரூபாய்க்கு 5,000 ரூபாய்ச் சேர்விஸின் முக்கால்வாசி கிடைக்கிறது என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால் நடுத்தரத்தை யார் எடுப்பார்கள்? எடுத்த சிலரும் கொஞ்ச நாளில் கீழே இறங்கிவிட்டார்கள். கீழ்த்தட்டில் என்ன இல்லை என்பதை எழுதி வைக்காவிட்டால், அதில் எல்லாமே இருக்கிறது என்றுதான் வேலை செய்கிறவனும் வாடிக்கையாளரும் எடுத்துக்கொள்வார்கள்.

அன்று இரவுதான் முதன்முதலாகக் கொப்பியை எடுத்துக்கொண்டு இருந்தேன். வாடகை 15,000. கரண்ட், தண்ணீர், போன் 9,000. இரண்டு பெடியளுக்கும் நாளுக்கு 2,500 வீதம் 26 நாள், 130,000. எனக்கு 90,000. ஸ்பனர் சாவிகள் தேய்வது, துணி, சில்லறைச் சாமான் 12,000. எல்லாம் கூட்ட மாதம் 256,000. மூன்று பேரும் எட்டு மணித்தியாலம் வேலை செய்தால் மாதம் 624 மணித்தியாலம் வரும். ஆனால் அதில் சாமான் வாங்க பரந்தன் போவது, கதைப்பது, காத்திருப்பது, மழைக்கு ஒதுங்குவது எல்லாம் கழிய, உண்மையில் சைக்கிளில் கை வைக்கிற நேரம் பாதி மட்டில்தான். இரண்டு கிழமை மணிக்கூடு பார்த்துக் குறித்தபோது மாதக் கணக்குக்கு 320 மணித்தியாலம் வந்தது. 256,000ஐ 320ஆல் பிரித்தால் 800. அதாவது என் கராஜில் ஒரு மணித்தியால வேலைக்கு எனக்கே 800 ரூபாய் அடக்கம். இந்த ஒரு இலக்கம் தெரியாமல் பத்து வருடம் தொழில் செய்திருக்கிறேன்.

இப்போது சாதாரண சேர்விஸைப் பாருங்கள். ஒயில் ஒரு லீற்றர் எனக்கு 2,250. சவர்க்காரம், மண்ணெண்ணெய், செயின் ஒயில் 150. முக்கால் மணித்தியால வேலை 600. கூட்டினால் சரியாக 3,000. நான் விற்றதும் 3,000. ஒழுங்காகச் செய்தாலே ஒரு ரூபாய் இல்லை. ஒன்றேகால் மணித்தியாலம் போனால் வேலை 1,000 ஆகிறது, ஒரு சைக்கிளுக்கு 400 நட்டம். ஐந்து மாதத்தில் ஏறக்குறைய 225 சாதாரண சேர்விஸ் செய்திருக்கிறேன். 90,000 ரூபாய். குறைந்த விலையைக் காட்டி ஆளை உள்ளே கூப்பிட்டு மேலே ஏற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் பலர் மேலே ஏறப் போவதில்லை, அவர்களிடம் காசு இல்லாததால்தான் கீழே எடுக்கிறார்கள். ஆகவே கீழ்த்தட்டு தன் காலில் தானே நிற்க வேண்டும். அதை எடுக்கிறவரைப் பார்த்து உங்களுக்கு எரிச்சல் வருகிறது என்றால் விலை பிழை.

இனிச் சொல்வது எனக்கு மிகவும் கஷ்டமானது. சாதாரண சேர்விஸில் பிறேக் பார்ப்பதை நான் சேர்க்கவில்லை. பெடியள் பல சைக்கிளில் பார்த்தார்கள், சிலதில் பார்க்கவில்லை, அவரவர் நேரத்தைப் பொறுத்தது. சித்திரையில் அறுபது வயது தாண்டிய ஒரு ஐயா சாதாரண சேர்விஸ் எடுத்துக்கொண்டு போனார். மூன்றாம் நாள் பின்னேரம், மம்மல் நேரத்தில், வீதியில் மாடு குறுக்கே வந்து பிறேக் பிடித்திருக்கிறார். பின் பிறேக் சூ தேய்ந்து முடிந்திருந்தது. மணிக்கட்டு முறிந்தது. நான் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் கோபப்படவில்லை. "உன்னட்டைத்தானே தம்பி சேர்விஸ் போட்டனான், எல்லாம் பாத்திருப்பாய் எண்டு நினைச்சன்" என்று மட்டும் சொன்னார். பலகையில் பிறேக் என்று எழுதியிருக்கவில்லை என்று நான் அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிற வாகனச் செலவுக்கென்று 15,000 கொடுத்து, சைக்கிளை என் செலவில் திருத்திக் கொடுத்தேன், அது 8,700 முடிந்தது. காசை விட அந்த ஒரு வசனம்தான் என்னை இன்றைக்கும் விடுவதில்லை.

அன்றைக்கு அடுத்த நாளே ஒன்று முடிவெடுத்தேன். உயிரோடு சம்பந்தப்பட்டதைத் தட்டுப் பிரிக்கக் கூடாது. இப்போது எந்தச் சேர்விஸ் எடுத்தாலும் வண்டி வந்தவுடன் ஐந்து நிமிடம் ஐந்து இடம் பார்க்கிறோம். பிறேக் சூ, ரயர், செயின் லொக், லைற், அச்சு நட்டு. பிறேக் சூ பார்க்கச் சில்லைக் கழற்றத் தேவையில்லை. பிறேக்கை முழுக்க மிதித்துப் பிடித்துக்கொண்டு, டிரம்மில் இருக்கிற கைக்கும் அதை இழுக்கிற கம்பிக்கும் நடுவிலுள்ள மூலையைப் பார்க்க வேண்டும். அது நேர்மூலையைத் தாண்டிப் போனால் சூ முடிகிறது என்று அர்த்தம். பல சைக்கிளில் தேய்வைக் காட்டுகிற ஒரு சிறிய முள்ளும் அதிலேயே இருக்கும். செயின் லொக்கின் மூடிய பக்கம் செயின் ஓடுகிற திசையைப் பார்க்க வேண்டும், மாறிப் போட்டிருந்தால் ஓடும்போது கழன்று விழலாம். இந்த ஐந்தில் பிழை இருந்தால் வாடிக்கையாளருக்குச் சொல்கிறோம், மாற்றுவதா இல்லையா என்பது அவர் முடிவு. காசு இல்லை என்றால் சீட்டில் எழுதிக் கொடுக்கிறோம், அவர் கையெழுத்தும் வாங்குகிறோம்.

அடுத்தது பெயர். இது எனக்கு யாரும் சொல்லாமல் விளங்கியிருக்க வேண்டிய விஷயம், விளங்கவில்லை. "சாதாரண", "விசேட" என்று எழுதிப் பலகையை வீதி பார்க்கத் தொங்கவிட்டால், நாலு பேர் இருக்கிற இடத்தில் ஒருவர் எப்படி "எனக்குச் சாதாரணம்" என்று சொல்வார்? எங்கள் சனம் எல்லாம் இழந்து திரும்பி வந்தவர்கள், இருந்தும் மானத்தை விட்டுக் கேட்க மாட்டார்கள். அயலவர் பக்கத்தில் நிற்கிறார் என்பதற்காகவே விசேடம் எடுத்தவர்கள் இருந்தார்கள். எடுத்துவிட்டு, அரைவாசி தந்து, மிச்சத்தை அறுவடைக்குத் தருகிறேன் என்பார்கள். அந்த ஐந்து மாதத்தில் கடன் கொப்பியில் 64,000 ஏறியது. அதில் பெரும்பகுதி விசேட சேர்விஸ். தர மனமில்லாதவர்கள் அல்ல, தங்களால் முடியாததை எடுக்கும்படி நான் தள்ளிவிட்டிருக்கிறேன். கடன் வைத்திருக்கிற கூச்சத்திலேயே சிலர் வேறு கராஜுக்குப் போனார்கள், காசும் போனது, ஆளும் போனார்.

ஆடி மாதம் பலகையைக் கழற்றிவிட்டுப் புதிதாக எழுதினேன். பெயரை வேலையைக் கொண்டு வைத்தேன். "ஒயில் சேர்விஸ்", "போகச் சேர்விஸ்", "முழுச் சேர்விஸ்". ஒயில் சேர்விஸ் என்று கேட்கிறவர் தன் காசைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, சைக்கிளுக்கு என்ன வேண்டும் என்றுதான் சொல்கிறார். போகச் சேர்விஸ் என்பது போகத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டியது, அறுவடைக் காசு வருகிற நேரமும் அதுதான். முழுச் சேர்விஸ் வருடத்துக்கு ஒன்று போதும். பலகையை வீதிப் பக்கமிருந்து எடுத்து உள்ளே மேசைக்கு மேலே வைத்தேன். இப்போது அந்த மேசையில் இருந்துதான் கதைக்கிறோம்.

விலையை மணித்தியாலத்துக்கு 1,000 என்று வைத்துத் திரும்பப் போட்டேன். ஒயில் எல்லாவற்றுக்கும் ஒன்று, விற்கிற விலை 2,500. ஒயில் சேர்விஸ் முக்கால் மணித்தியாலம், சில்லறைச் சாமான் 150, மொத்தம் 3,400. போகச் சேர்விஸ் ஒன்றேமுக்கால் மணித்தியாலம், சாமான் 350, மொத்தம் 4,600. முழுச் சேர்விஸ் நாலு மணித்தியாலம், கிறீஸ் முதலான சாமான் 900, மொத்தம் 7,400. அடக்கத்தைக் கழித்தால் எனக்கு முறையே 400, 600, 1,050 நிற்கிறது. நேரத்தோடு பார்த்தால் ஒயில் சேர்விஸ்தான் எனக்குக் கூட லாபம். ஆகவே ஒருவர் அதை எடுக்கும்போது எனக்கு மனக்குறை இல்லை, மேலே எடுங்கோ என்று வற்புறுத்த வேண்டிய தேவையும் இல்லை. வாடிக்கையாளருக்கு அது முகத்தில் தெரியும்.

விசேடத்தில் இருந்த புதுச் சாமான்களை எல்லாம் எடுத்துவிட்டேன். போன மாதம் பிளக் மாற்றியவரிடம் திரும்பப் புதுப் பிளக்குக்குக் காசு கேட்டால் அவர் ஏன் தர வேண்டும்? முழுச் சேர்விஸ் என்பது கழற்றிப் பார்த்து, கழுவி, கிறீஸ் வைக்கிற வேலை. சாமான் தேவைப்பட்டால் போன் எடுத்துக் கேட்டுத்தான் போடுகிறோம், பழையதை ஒரு பையில் போட்டுக் கையில் கொடுக்கிறோம். இதனால் 9,500 ஆக இருந்தது 7,400க்கு இறங்கியது. முந்தி நடுவுக்கும் மேலுக்கும் 4,500 ரூபாய் வித்தியாசம் இருந்ததால் நடுவில் நின்ற யாரும் மேலே பார்க்கவே இல்லை.

எது எடுப்பது என்று கேட்பவரிடம் நான் காசைப் பற்றிக் கேட்பதில்லை, எந்த றோட்டால் ஓடுகிறீர்கள் என்று கேட்கிறேன். முல்லைத்தீவு வீதித் தாரில் மட்டும் ஓடுகிற ஒருவருக்கு ஒயில் சேர்விஸ் இரண்டு தரம் போதும். உள்ளே கிறவல் றோட்டால் தினமும் வயலுக்குப் போகிறவருக்கு அது போதாது. சோளகக் காற்றுக் காலத்தில் அந்தச் சிவப்புத் தூசி எயார் பில்டரை அடைத்துவிடும். காற்றுக் குறையப் பெற்றோல் கூடப் போகும், பிளக் கறுத்துக் கரி பிடிக்கும், ஏற்றத்தில் இழுக்காது. அவருக்கு ஒவ்வொரு முறையும் ஒயில் சேர்விஸ் கொடுத்துக்கொண்டே இருந்தால் மிச்சம் பிடித்த 1,200 ரூபாயைப் பெற்றோலில் விடுவார். அதனால் சீட்டில் ஒரு விதி அடித்திருக்கிறேன். 2,000 கிலோமீற்றருக்கு ஒரு சேர்விஸ். இரண்டு ஒயில் சேர்விஸ் எடுத்தால் மூன்றாவது போகச் சேர்விஸ். கிறவலில் ஓடுகிறவருக்கு ஒன்று விட்டு ஒன்று.

இன்னும் முழுக்கச் சரிவராத இடங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, சேர்விஸையும் திருத்த வேலையையும் குழப்பிக்கொள்வது. நீலப் புகை தள்ளுகிற எஞ்சினுக்கு முழுச் சேர்விஸ் போட்டால் புகை நிற்கும் என்று ஒருவர் நம்பிப் போட்டார், நான் முன்கூட்டியே சொல்லவில்லை. அது பிஸ்டன் றிங்கோ வால்வு சீலோ தேய்ந்து ஒயில் எரிகிற புகை, எந்தச் சேர்விஸுக்கும் நிற்காது. அவருக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது ஸ்ரார்ட் பண்ணிப் புகை பார்க்காமல் எந்தச் சேர்விஸும் எழுதுவதில்லை. மற்றது ஸ்கூட்டர். அதற்குச் செயின் இல்லை, கியர் ஒயில் வேறு, கழற்றப் பிளாஸ்டிக் கவர் நிறைய. அதே மூன்று விலையை அதற்கும் போட்டு நேரத்தில் நட்டப்பட்டேன். இப்போது அதற்குத் தனியாக நேரம் குறித்துக்கொண்டு வருகிறேன், பலகை இன்னும் எழுதவில்லை.

"இதையும் ஒருக்காப் பார்" என்பதும் நிற்கவில்லை, நிற்கவும் போவதில்லை. அதற்காகச் சின்ன வேலைகளுக்கு ஒரு விலைச் சீட்டு ஒட்டியிருக்கிறேன். டப்பட் சரிபார்க்க 500, எயார் பில்டர் துப்புரவாக்க 300 என்று. பெடியன் அதைக் காட்டி "செய்யட்டோ அண்ணை?" என்று கேட்பான். பாதிப்பேர் ஓம் என்பார்கள். மிச்சப்பேர் அடுத்த தரம் பார்ப்போம் என்பார்கள், யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

கை முறிந்த அந்த ஐயா புரட்டாதியில் வந்தார். உள்ளே வந்து இருந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பலகையை ஆறுதலாக வாசித்தார். "ஒயில் சேர்விஸ் போடு தம்பி, மழைக்கு முன்னம் விதைக்கோணும், காசு அங்கை போகுது" என்றார். ஒயில் வடிகிற நேரத்தில் நானே பிறேக்கை மிதித்து மூலையைப் பார்த்தேன். நான் சித்திரையில் போட்ட சூ, நன்றாக இருந்தது. சீட்டில் ஐந்து இடத்திலும் சரி போட்டு அவரிடம் கொடுத்தேன். மடித்து சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு போனார்.